ஒரே பல்லில் இரண்டு வெள்ளை: தர்மபுரிச் சிறுமிக்குக் கம்பி போட்ட கதையும் ஃப்ளோரைடு கணக்கும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் சிக்கல்களை ஒரு குழந்தையில் சேர்த்து இந்த நிகழ்வை எழுதியிருக்கிறோம். குறிப்பிட்ட எந்தக் குழந்தையின் பதிவும் அல்ல. அளவுகளும் முறைகளும் சிகிச்சையில் உண்மையில் பின்பற்றப்படுபவை.

சிறுமிக்கு வயது 12, எடை 34 கிலோ. மேல்வரிசையில் இரண்டு கோரைப்பற்களும் இடமில்லாமல் வெளியே தள்ளி நிற்கின்றன. கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. முன்பற்களில் வெள்ளைக் கோடுகளும் ஆங்காங்கே லேசான பழுப்பும் தெரிகின்றன. கீழ் இடது கடைவாயில் ஒரு சொத்தை. இனிப்பு பட்டால் கூச்சம். பெற்றோர் வந்தது கம்பி போட. அம்மாவுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது: “தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடாலதான் பல்லு இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் பேஸ்ட்லயும் அதையே ஏன் டாக்டர் போடணும்?”

எட்டு வயதிலிருந்து வீட்டில் ஃப்ளோரைடு இல்லாத மூலிகைப் பேஸ்ட்தான். சொத்தை வந்ததில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆகவே அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

விழுங்கிய ஃப்ளோரைடும் பல்லில் பட்ட ஃப்ளோரைடும்

பல் முளைத்து வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தாடை எலும்புக்குள் அதன் எனாமல் உருவாகிவிடுகிறது. நிரந்தர முன்பற்களின் எனாமல் ஏறக்குறைய நான்கைந்து வயதிற்குள் முடிந்துவிடும். முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வயதோடு முடியும், இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு ஏழெட்டு வயது ஆகும். இந்தக் காலத்தில் குழந்தை அதிக ஃப்ளோரைடை விழுங்கினால், அது ரத்தத்தில் கலந்து எனாமலை உருவாக்கும் செல்களின் வேலையைக் கெடுக்கிறது. எனாமல் முழுதாக இறுகாமல் உள்ளே நுண்துளைகளோடு நின்றுவிடும். அதுதான் வெளியே வெள்ளைக் கோடாகவும் திட்டாகவும் தெரிகிறது. இந்தப் பாதிப்புக்குத்தான் ஃப்ளோரோசிஸ் என்று பெயர். பழுப்பு பின்னால் வருவது. முளைத்த பிறகு அந்தத் துளைகளில் ஏறும் கறை அது.

சிறுமி ஆறு வயதுவரை பென்னாகரம் பக்கம் பாட்டி வீட்டில் வளர்ந்தவள். தோட்டத்து போர்வெல் தண்ணீர்தான் குடிக்கவும் சோறு வடிக்கவும். அந்தத் தண்ணீரைப் பரிசோதித்ததில் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் ஃப்ளோரைடு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் 1.5. இந்த மாவட்டங்களின் நிலத்தடிப் பாறையிலேயே ஃப்ளோரைடு இருப்பதால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தாலும், வராத நாளில் போர் தண்ணீரையே குடிக்கும் வீடுகள் உண்டு.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தை அந்தத் தண்ணீரை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடித்தால், தண்ணீரிலிருந்து மட்டும் 2.8 மில்லிகிராம் போகும். சோறும் குழம்பும் உறிஞ்சிய தண்ணீர் தனி. 1000 பி.பி.எம். பேஸ்டில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. பட்டாணி அளவு பேஸ்ட் என்பது கால் கிராம். இரண்டு வேளையும் துளிகூடத் துப்பாமல் விழுங்கினாலும் அரை மில்லிகிராம்தான். மூன்று வயதிற்குக் கீழே அரிசி அளவு போதும் என்று சொல்வதால் அங்கே இன்னும் குறைவு. அந்த வீட்டில் மாற்ற வேண்டியிருந்தது பேஸ்டை அல்ல, தண்ணீரை.

பேஸ்டில் உள்ள ஃப்ளோரைடு வேலை செய்வது வேறு இடத்தில். பல்மேல் படியும் கிருமிப் படலம் இனிப்பையும் மாவையும் அமிலமாக்குகிறது. படலத்தின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போனதும் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். சாப்பிட்ட சில நிமிடங்களில் இந்த இறக்கம் நடக்கிறது; எச்சில் அதைச் சமன்செய்ய அரை மணி நேரமோ கூடுதலாகவோ ஆகும். பல்லைச் சுற்றியுள்ள ஈரத்தில் சிறிதளவு ஃப்ளோரைடு இருந்தால் கரைவது குறையும், கரைந்தது மறுபடி படிவது வேகமாகும், அப்படிப் படிந்த பகுதி அடுத்த முறை அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். பேஸ்ட் வாயில் பட்டால் போதும், வயிற்றுக்குப் போக வேண்டியதில்லை. 12 வயதில் கண்ணுக்குத் தெரியும் பற்களின் எனாமல் எல்லாமே உருவாகி முடிந்துவிட்டது; இனி பேஸ்டால் அந்த முன்பற்களில் புதிதாக ஃப்ளோரோசிஸ் வரவே வராது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவதும் பானையில் ஊற்றிவைப்பதும் பயன்படாது. ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை எடுத்துவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து அளவு தெரிந்துகொள்ளலாம். பாட்டி வீட்டில் இப்போது சிறுமியின் இரண்டு வயதுத் தம்பி வளர்கிறான். முன்பல் எனாமல் உருவாகும் வயது அவனுக்குத்தான் என்பதால், போர் தண்ணீரை இன்றே நிறுத்த வேண்டியது அவனுக்கு. பல் தப்பிய பெரியவர்களும் அதே தண்ணீரைப் பல ஆண்டு குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் பாதிப்பு சேரும்.

கம்பிக்கு முன் செய்தவை

முதல் வேலை, வெள்ளைகளைப் பிரித்தறிவது. பஞ்சால் படலத்தைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பல்லையும் காற்றுக்குழாயால் ஐந்து விநாடி உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஃப்ளோரோசிஸ் வலமும் இடமும் ஒரேபோல இருக்கும். பல்லின் குறுக்கே மெல்லிய அலைக்கோடுகளாக ஓடும், ஓரம் கரைந்து மங்கும். சொத்தையின் தொடக்கம் அப்படியல்ல. படலம் தங்கும் இடத்தில், பெரும்பாலும் ஈறை ஒட்டிப் பிறைபோல, சுண்ணாம்பு பூசியதுபோல் மினுக்கமின்றி இருக்கும். உலர்த்தினால் மட்டும் தெரிகிற வெள்ளை ஆரம்ப நிலை. எச்சில் ஈரத்தோடேயே தெரிந்தால் எனாமலில் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது.

சிறுமியின் மேல் நடுப்பற்களில் அலைக்கோடுகள், நடுவே கடுகளவு பழுப்பு: ஃப்ளோரோசிஸ். மேல் வலது கோரைப்பல்லின் ஈறோரத்தில் மட்டும் ஒரு பிறை: அது சொத்தையின் தொடக்கம். இரண்டையும் புகைப்படம் எடுத்து, பல்வாரியாகக் குறித்து வைக்க வேண்டும். கம்பி கழற்றும் நாளில் “இந்த வெள்ளை கம்பியால் வந்ததா, முன்னமே இருந்ததா?” என்ற கேள்வி நிச்சயம் வரும். அன்று இந்தப் படம் இல்லாவிட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது, கீழ் இடது கடைவாய்ச் சொத்தை. அம்மா அதைப் பால்பல் என்றே நினைத்திருந்தார். பெரும்பாலான வீடுகளில் இதே தவறுதான் நடக்கிறது. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கிற நிரந்தரப் பல் அது. விழுந்து இன்னொன்று முளைக்காது. எக்ஸ்ரேயில் சொத்தை எனாமலைத் தாண்டி உள்ளடுக்குக்குப் போயிருந்தது, நரம்பறைக்கு இன்னும் இடைவெளி இருந்தது. மெத்தென்றிருந்த பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பல் நிறக் கலவையால் அடைத்தார்கள். இப்போதுதான் முளைத்து முடிந்த இரண்டாம் கடைவாய்ப்பற்களின் குழிகளில், சொத்தை பிடிக்காமல் அவற்றை மூடும் சீலண்ட் பூசினார்கள்.

மூன்றாவது, காத்திருப்பு. சொத்தையை அடைத்ததும் கம்பி ஒட்டிவிட வேண்டும் என்றுதான் குடும்பம் எதிர்பார்த்தது. ஆனால் பல் துலக்கச் சொல்லிப் படலத்தின்மேல் சாயம் தடவிப் பார்த்தபோது ஈறோரம் முழுதும் நிறம் ஏறியது, சில இடங்களில் ஈறில் ரத்தம் கசிந்தது. கம்பி இல்லாதபோதே சுத்தம் செய்ய முடியாத வாயில் கம்பி போட்டால் என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். மூன்று மாதம் 1000 பி.பி.எம். பேஸ்ட், இரவும் காலையும் இரண்டிரண்டு நிமிடம். துலக்கியபின் துப்பினால் போதும். கை கையாகத் தண்ணீர் அள்ளிக் கொப்பளித்தால் பூசிய ஃப்ளோரைடு அப்படியே வெளியே போய்விடும். நம் வீடுகளில் மாற்றுவதற்கு மிகக் கடினமான பழக்கம் இதுதான்.

ஃப்ளோரோசிஸ் பல்லில் பிராக்கெட் ஒட்டுவது

சாதாரணப் பல்லில் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலக் களிம்பை 30 விநாடி வைத்துக் கழுவி உலர்த்தினால், பரப்பு உறைபனி படிந்ததுபோல் வெளுக்கும். அந்த நுண்ணிய சொரசொரப்பில் பசை இறங்கி இறுகித்தான், வளைகம்பியைத் தாங்கும் சிறு துண்டான பிராக்கெட் பல்லில் நிற்கிறது. ஃப்ளோரோசிஸ் பல்லின் மேலடுக்கு ஃப்ளோரைடு செறிந்து அமிலத்தை எதிர்ப்பதால், அதே 30 விநாடியில் சரியாக வெளுக்காது. அதன் கீழடுக்கோ துளை நிறைந்து பலமற்றது. ஆகவே மேற்பரப்பை மெல்லச் சொரசொரப்பாக்கி, அமிலத்தை 60 விநாடி வைத்து, உறைபனி வெளுப்பு பல் முழுதும் சீராக வந்ததா என்று பார்த்தபின்தான் பசை தடவ வேண்டும்.

இவளுக்கு முதல் நாளில் மேல் முன்பற்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். கோடுகள் மங்கலாக இருந்ததால் முன்கடைவாய்ப்பற்களை வழக்கமான 30 விநாடியோடு விட்டார்கள். முதல் மாதத்திலேயே அங்கிருந்து இரண்டு பிராக்கெட் கழன்றன. முறுக்கு கடித்ததாலா, ஒட்டியதில் குறையா என்பதைக் கழன்ற பிராக்கெட்டின் பின்பக்கம் சொல்லிவிடும். பசை முழுதும் பிராக்கெட்டோடு வந்து பல் வெறுமையாக இருந்தால் எனாமலில் பிடிப்பு இல்லை. பசை பல்லிலேயே நின்றிருந்தால் பிராக்கெட்டின் அடிப்பக்கம் விட்டுக்கொண்டது. இவள் பல் வெறுமையாக இருந்தது. 60 விநாடி வைத்து மறுபடி ஒட்டினார்கள், அதன்பின் அவை கழலவில்லை. கழன்ற பிராக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்வது இந்தச் சோதனைக்காகத்தான்.

பல் நிறத்தில் வரும் செராமிக் பிராக்கெட்டைத்தான் சிறுமி கேட்டாள். உலோகமே போட்டார்கள். செராமிக் இறுக ஒட்டும்; கழற்றும்போது அடர்த்தி குறைந்த எனாமல் செதிளாகப் பெயர்ந்து வரலாம். நல்ல எனாமலில் இந்தக் கவலை குறைவு, ஃப்ளோரோசிஸ் பல்லில் அதை ஏற்பது சரியல்ல.

ஐந்தாம் மாதம்

பற்கள் நன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. ஐந்தாம் மாத வருகையில் மேல் பக்கவாட்டு வெட்டுப்பற்கள் இரண்டிலும் இடது கோரைப்பல்லிலும், பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே புதுச் சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தது. வெட்டுப்பற்களில் உலர்த்தினால் மட்டும். கோரைப்பல்லில் ஈரத்தோடே தெரிந்தது. பழைய படத்தோடு வைத்துப் பார்த்ததில் மூன்றும் புதியவை. பிராக்கெட்டைச் சுற்றிப் படலம் தேங்கினால் நான்கு வாரத்திலேயே இப்படி வெள்ளை வரும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. ஐந்து மாதம் என்பது தாராளமான அவகாசம்.

ஒரு நாள் முழுக்க என்ன, எப்போது வாய்க்குள் போகிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டில் குறையொன்றும் இல்லை. காலை ஆறரைக்குச் சர்க்கரை போட்ட டீ, பள்ளி இடைவேளையில் பிஸ்கட், பேருந்தில் கடலைமிட்டாய், நாலரைக்கு மறுபடி டீயும் பிஸ்கட்டும், இரவு படிக்கும்போது மால்ட் கலந்த பால். சாப்பாட்டையும் சேர்த்தால் எட்டு முறை அமிலம். ஒவ்வொன்றுக்கும் அரை மணிக்கு மேல். எத்தனை கரண்டி சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லைக் கரைக்கிறது. இரவுப் பால் துலக்கியபின் குடித்ததால் கேடு கூடியது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைவதால், அந்த அமிலத்தைக் கழுவ ஒன்றுமே இல்லை.

அன்று வளைகம்பியைக் கழற்றிவிட்டுப் படலத்தைச் சுத்தம் செய்தார்கள். பற்களை உலர்த்தி, 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் 0.4 மில்லிலிட்டர், பிராக்கெட்டைச் சுற்றி மெல்லிய தூரிகையால் தடவினார்கள். அதில் உள்ள ஃப்ளோரைடு சுமார் 9 மில்லிகிராம். பல்லில் ஒட்டிக்கொண்டு மெல்ல வெளிவருவதால் அது ஒரே மடக்காக வயிற்றுக்குப் போவதில்லை. விழுங்கினால் ஆபத்து என்று எச்சரிக்கும் அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம், 34 கிலோவுக்கு 170. அன்று மிருதுவான சாப்பாடு, சூடான பானம் வேண்டாம், மறுநாள் காலைவரை துலக்க வேண்டாம். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே பூச்சு. ரோசின் என்னும் மரப்பிசின் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இந்த வார்னிஷ் கூடாது. கேட்டுவிட்டுத்தான் பூச வேண்டும்.

வீட்டில் மாற்றியவை மூன்றே. பால் இரவுச் சாப்பாட்டோடு, அதன்பின் துலக்கல், அதற்குமேல் தண்ணீர் மட்டும். பேருந்து மிட்டாய் நின்றது. பிராக்கெட்டை உடைப்பதும் அதுதான், பிராக்கெட்டுக்குக் கீழே ஒட்டி நிற்பதும் அதுதான். மாலை பள்ளி விட்டு வந்து டீயும் பிஸ்கட்டும் முடிந்த பிறகு 0.05 சதவீத சோடியம் ஃப்ளோரைடு மவுத்வாஷ் 10 மில்லிலிட்டர், ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. துலக்கிய கையோடு அல்லாமல் வேறொரு நேரத்தில் கொப்பளித்தால் பல்லுக்கு ஃப்ளோரைடு ஒரு தடவை கூடுதலாகக் கிடைக்கும். இந்த மவுத்வாஷ் ஆறு வயதுக்குக் கீழே கூடாது, சரியாகத் துப்பத் தெரியாது.

துலக்கும் விதமும் மாறியது. தூரிகையை ஈறுப்பக்கமிருந்து 45 பாகை சாய்த்துக் கம்பிக்கு மேலே ஒரு சுற்று, கீழிருந்து சாய்த்துக் கம்பிக்குக் கீழே ஒரு சுற்று, கடைசியில் சிறு கூம்புத் தூரிகையைக் கம்பிக்கு உள்ளே செருகி இரு பிராக்கெட்டுக்கும் நடுவில். சரியாகத் துலக்கியது உலோகத்திலேயே தெரியும்: நான்கு ஓரமும் பளபளத்தால் சுத்தம், மங்கிய வெள்ளை விளிம்பு நின்றால் அது படலம்.

கம்பி கழன்றபின்

21-ஆம் மாதம் பிராக்கெட்டுகளை எடுத்தார்கள். வெட்டுப்பற்களின் வெள்ளை, உலர்த்தினாலும் தேடிப் பார்க்கும் அளவுக்கு மங்கியிருந்தது. இடது கோரைப்பல்லின் வெள்ளை மறையாமல் தங்கிவிட்டது. ஆனால் தொட்டால் வழவழப்பு, மினுக்கம் திரும்பியிருந்தது. சொத்தை அங்கே நின்றுவிட்டது என்பதற்கு அடையாளம் அந்த மினுக்கம். நிறம் போகாததற்குக் காரணம், மேலடுக்கில் கனிமம் படிந்து வாசலை அடைத்துக்கொண்டது, உள்ளே குறைந்தது நிரம்பவில்லை. இதனால்தான் கம்பி கழற்றிய கையோடு முன்பல் வெள்ளையின்மேல் அடர்ந்த வார்னிஷைத் தடவுவதில்லை. சாதாரணப் பேஸ்டையும் எச்சிலையும் நம்பி ஆறு மாதம் விட்டால் ஓரளவு தானாகவே மங்கும். ஐந்தாம் மாதத்தில் வார்னிஷ் போட்டது வேறு கணக்கு. அங்கே பிராக்கெட் இன்னும் 16 மாதம் இருக்கப் போகிறது. நிறம் எப்படிப் போனாலும் குழி விழாமல் காப்பதுதான் முதல் தேவை.

ஆறு மாதத்துக்குப் பிறகும் கோரைப்பல் வெள்ளை உறுத்தினால், அமிலத்தால் வாசலைத் திறந்து ரெசினை உள்ளே ஊறவைக்கும் சிகிச்சை உண்டு. ரெசின் நுண்துளைகளை நிரப்பியதும் ஒளி சிதறுவது குறைந்து, அந்த இடம் சுற்றியுள்ள எனாமலின் நிறத்துக்கு நெருங்கிவரும். நடுப்பற்களின் ஃப்ளோரோசிஸ் கோடுகளுக்கும் இதே முறை உதவும். பழுப்புக்கு மட்டும் முதலில் அமிலமும் பொடியும் கலந்த களிம்பால் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்க வேண்டும். தொடக்கத்தில் எடுத்த படம் இருந்ததால், எது ஃப்ளோரோசிஸ், எது கம்பிக் காலத்து வெள்ளை என்று பல்வாரியாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது.

நகர்த்திய பற்களை அந்த இடத்தில் நிறுத்தக் கழற்றி மாட்டும் ரிடெய்னர் கொடுத்தார்கள். அதைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து படலம் தங்கும். மிருதுவான தூரிகையும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளியும் போதும், வெந்நீர் படக்கூடாது, வளைந்துவிடும். அதை மாட்டிக்கொண்டு டீயோ பாலோ குடிக்கக் கூடாது. இனிப்பு அதற்கும் பல்லுக்கும் நடுவே தேங்கும், அங்கே எச்சிலும் நுழையாது.